ஐந்தாவது ஸ்பிரிண்டுக்கு இழுக்காத டிக்கெட்

இன்வாய்ஸை மெயிலில் அனுப்பும் 8 பாயிண்ட் டிக்கெட் ஒன்று நான்கு ஸ்பிரிண்டாக எங்கள் போர்டில் நகர்ந்துகொண்டே இருந்தது. தினமும் காலையில் "கிட்டத்தட்ட முடிந்தது" என்பேன். ஐந்தாவது முறை அதை அடுத்த ஸ்பிரிண்டுக்கு இழுக்காமல் பேக்லாகில் திருப்பிப் போட்டுவிட்டு, கமென்ட்டுகளை முதலிலிருந்து படித்தேன். கோடு எழுதியது மூன்றே நாள். மீதி நாளெல்லாம் மெயில் சர்வர் அனுமதிக்காக இன்னொரு குழுவிடம் காத்திருந்திருக்கிறோம். நடுவில் பழைய இன்வாய்ஸ்களை அனுப்பும் வேலையும் சத்தமில்லாமல் அதே டிக்கெட்டில் சேர்ந்துகொண்டது.

அனுமதி வாங்குவதைத் தனி டிக்கெட்டாக்கினேன். மற்றதைத் துண்டுகளாகப் பிரித்து, அனுமதி கைக்கு வரும்வரை எதையும் ஸ்பிரிண்டில் எடுக்கவில்லை. முதல் துண்டு, ஒரே ஒரு வாடிக்கையாளருக்குப் புது இன்வாய்ஸ் போய்ச் சேர்வது மட்டும், 2 பாயிண்ட். எடுத்த மூன்றாம் நாளே முடிந்தது. பழைய இன்வாய்ஸ்களைப் பற்றிக் கேட்டபோது, "அது வேண்டாமே" என்றார் ப்ராடக்ட் ஓனர்.