ஸ்டால் போடப் போகிறீர்களா? முதலில் மூன்று லிங்க் தயார் செய்யுங்கள்

வார இறுதிச் சந்தையிலோ கண்காட்சியிலோ முதல்முறை ஸ்டால் போடுபவர்கள் பேனருக்கும் அலங்காரத்துக்கும்தான் அதிகம் அலைவார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, விலையும் கேட்டுவிட்டு, "அப்புறம் வர்றேன்" என்று போனவரை மறுபடி எப்படிப் பிடிப்பது? அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கையால் செய்த சோப்பு விற்கும் ஸ்டாலை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

படி 1: லிங்க்

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் கடைக்கென்று ஒரு எண்ணைப் பதிவு செய்யுங்கள். பிறகு இந்த வடிவில் மூன்று லிங்க் எழுதிக்கொள்ளுங்கள்:

```
https://wa.me/எண்?text=PRE
https://wa.me/எண்?text=STALL
https://wa.me/எண்?text=PACK
```

"எண்" என்ற இடத்தில் நாட்டுக் குறியீட்டோடு உங்கள் எண் வரவேண்டும். முன்னால் + குறியோ பூஜ்யமோ, நடுவில் இடைவெளியோ கூடாது. வாடிக்கையாளர் லிங்கைத் தட்டியதும் கடைசிச் சொல் டைப் செய்தபடியே திரையில் வந்து நிற்கும். அவர் அனுப்பினால் போதும். PRE முன்கூட்டிய அறிவிப்புக்கு, STALL மேசையில் வைக்க, PACK பொட்டலத்துக்குள் போட. யார் எங்கிருந்து வந்தார் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடும்.

படி 2: நிகழ்ச்சிக்கு முன்

ஏற்பாட்டாளரிடம் ஸ்டால் எண்ணையும் அரங்கின் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். ஸ்டால் எண் இல்லாத அறிவிப்பால் பெரிய பயனில்லை. வருபவர் இரண்டு வரிசை சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

ஒரு வாரம் முன்பு ஒரு பதிவு, இரண்டு நாள் முன்பு இன்னொன்று போதும். இரண்டிலும் PRE லிங்க் இருக்கட்டும். "வாங்க, பாருங்க" என்று மட்டும் எழுதாமல், வருவதற்கு ஒரு காரணம் கொடுங்கள்: "எந்தச் சோப்பு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், உங்கள் பெயர் எழுதி எடுத்து வைக்கிறோம்." எடுத்து வைத்திருக்கிறார்களே என்பதற்காகவே பலர் வந்துவிடுவார்கள்.

நிகழ்ச்சி நாள் காலையில் நுழைவாயிலில் தொடங்கி உங்கள் மேசை வரை நடந்தபடி ஒரு சின்ன வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுங்கள். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அன்றைய வேலைக்கு அது போதும்.

படி 3: ஸ்டாலில்

STALL லிங்கை கியூஆர் குறியாக்கி அச்சடியுங்கள். ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்காவது குறியின் அகலம் இருக்கவேண்டும் என்பது பொதுவான கணக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு 8 செ.மீ. தாராளம். சுற்றிலும் வெள்ளை ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம். மேலே எரியும் விளக்கு அதில் பட்டுத் தெறித்தால் கேமரா திணறும். மேசை போட்டதும் உங்கள் போனில் ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள்.

பணம் செலுத்தும் கியூஆரும் இதுவும் அருகருகே இருந்தால் பணம் கட்ட வந்தவர் இதை ஸ்கேன் செய்துவிட்டு விழிப்பார். அதனால் இதைச் சோப்புகளுக்கு நடுவே வைத்து, "விலைப்பட்டியல் வேண்டுமா? ஸ்கேன் செய்யுங்கள்" என்று பெரிதாக எழுதுங்கள். PACK குறியைச் சின்ன அட்டையாக்கிப் பொட்டலத்துக்குள் போடுங்கள்.

கூட்டம் அதிகமானால் அரங்கில் நெட் படுத்துவிடும். ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். எண் எழுதுபவரிடம் "புதுச் சரக்கு வந்தால் செய்தி அனுப்பலாமா?" என்று கேட்டு, சரி என்றால் பக்கத்தில் ஒரு டிக்.

படி 4: முடிந்த பிறகு

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரே செய்தியைப் பலருக்கு ஒன்றாக அனுப்ப உதவும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச்சேரும். அனுப்பிவிட்டோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அவருக்கு வந்தே இருக்காது. ஆகவே ஸ்டாலில் செய்தி வந்தவுடனே விலைப்பட்டியலோடு உங்கள் கான்டாக்ட் கார்டையும் அனுப்பி, "சேமித்துக்கொள்ளுங்கள்" என்று வாயாலும் சொல்லுங்கள்.

இரண்டு நாளுக்குள் முதல் செய்தி போகட்டும். அதில் பொன்மொழியும் பூங்கொத்துப் படமும் வேண்டாம். மேசையில் சோப்புகள் அடுக்கியிருந்த படம், "ஞாயிறு அன்று ஸ்டாலில் பார்த்தீர்களே" என்று ஒரு வரி, என்னென்ன மிச்சம் என்ற விவரம், இவ்வளவுதான்.

கடைசியாக எண்ணிப் பாருங்கள். PRE 5, STALL 40, PACK 3 என்று வந்தால், ஸ்டால் ஆளை இழுத்திருக்கிறது, முன்கூட்டிய அறிவிப்பு அவ்வளவாகப் பரவவில்லை. அடுத்த முறை ஏற்பாட்டாளரின் பக்கத்திலும் PRE லிங்கைப் போடச் சொல்லிக் கேளுங்கள். PACK குறைவு என்றால் அட்டை பொட்டலத்தோடு குப்பைக்குப் போயிருக்கலாம். அந்தக் குறியைச் சோப்பின் உறையிலேயே அச்சடித்துப் பாருங்கள்.