கண்ணாடிக்குள் படிந்த மங்கல்: என் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து, நானே எடுத்த ரப்பர் தோட்டப் படங்களை ஏ3 அளவில் அச்சடித்து, சட்டம் போட்டு இணையத்தில் விற்கிறேன். போன மாதம் வாங்கிய இரண்டு பேர், ஒரே வாரத்தில் கண்ணாடி உள்பக்கம் மங்கிவிட்டதாகப் படம் அனுப்பினார்கள்.

ஈரம்தான் என்று நினைத்தேன். சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தேன், கண்ணாடியையும் மாற்றினேன். மங்கல் திரும்ப வந்தது.

அப்புறம்தான் கவனித்தேன். மரத்தின் கருப்புத் தண்டுக்கு நேரே மங்கல் அடர்த்தி, வெள்ளை வானத்துக்கு நேரே ஒன்றுமில்லை. வெயிலில் வைத்தும் மறையவில்லை. விரலால் தேய்த்தால் எண்ணெய்ப் பசை. நீராவி இப்படி இருக்காது. இங்க்ஜெட் மையில் உள்ள கிளைக்கால் என்ற பிசுபிசுப்பான திரவம், பளபளப்புத் தாளில் தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும், மெதுவாகத்தான் வெளியேறும். நான் அச்சடித்த அன்றே சட்டம் போட்டிருந்தேன்.

இப்போது கால் மணி நேரம் ஆறவிட்டு, மேலே சாதாரண வெள்ளைத் தாளைப் பரப்பி ஒரு நாள் வைக்கிறேன். அந்தத் தாள் அலையலையாக நெளிந்திருந்தால், புதுத் தாள் மாற்றி இன்னொரு நாள். நெளியாமல் தட்டையாக இருந்தால்தான் சட்டம். மழை நாட்களில் மூன்று நாள்கூட ஆகிறது. படம் கண்ணாடியில் ஒட்டாதபடி ஓர அட்டையும் வைக்கிறேன். அந்த இருவருக்கும் புதிதாக அச்சடித்து அனுப்பினேன், மங்கல் வரவில்லை.