ஆண்டறிக்கைக்கு முன் முதலீட்டாளர் பிரசன்டேஷன்

ஒரு நிறுவனத்தைப் புதிதாகப் படிக்கிறீர்களா? முந்நூறு பக்க ஆண்டறிக்கையை அப்புறம் பார்க்கலாம். மும்பை பங்குச் சந்தையான பிஎஸ்இயின் தளத்தில் நிறுவனத்தின் பக்கத்துக்குப் போய், Corporate Announcements பகுதியில் Investor Presentation என்ற பிடிஎஃபை முதலில் எடுங்கள். அதில் பிரிவுவாரியான வருவாய், லாபம் இருக்கும் பக்கத்தைத் தேடுங்கள்.

ஐடிசியையே பாருங்கள். சிகரெட், பிற நுகர்பொருட்கள், வேளாண் வணிகம், காகித அட்டை என்று தொழில்கள் பல. வருவாயையும் லாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், லாபத்தின் பெரும்பகுதி சிகரெட்டிலிருந்தே வருவது உடனே தெரியும். பிஸ்கட், ஆட்டா விளம்பரங்களை மட்டும் பார்த்தால் இது புரியாது.

தேதியைக் கவனியுங்கள். ஐடிசியின் ஹோட்டல் தொழில் 2025 ஜனவரி 1 முதல் தனி நிறுவனம். பழைய பிரசன்டேஷனில் அதுவும் ஒரு பிரிவாக இருக்கும்.

எதைப் பெரிதாகக் காட்டுவது என்பது நிறுவனத்தின் விருப்பம். அதனால் முக்கியமான எண்களைக் காலாண்டு முடிவுகளில் உள்ள பிரிவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். கடன் விவரம், தணிக்கையாளர் குறிப்பு போன்றவற்றுக்கு ஆண்டறிக்கைதான் வேண்டும். சிறு நிறுவனங்கள் பல பிரசன்டேஷன் வெளியிடுவதே இல்லை. அங்கே இந்த வழி உதவாது.