பெரிய டின் வாங்கினால் உண்மையிலேயே மிச்சமா?

பெரிய பொட்டலம் என்றாலே மலிவு என்று நம்பித்தான் பலரும் கையை நீட்டுகிறோம். சமையல் எண்ணெயை வைத்து அதைச் சரிபார்த்துவிடலாம். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை; எந்த நாணயத்துக்கும் வழி ஒன்றுதான்.

முதலில், பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் நிகர அளவைப் பாருங்கள். புட்டியின் உயரத்தையும் பருமனையும் நம்ப வேண்டாம். பிறகு அந்த அளவை மில்லியாக்கி, விலையை அதால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 1 லிட்டர் புட்டி 150 என்றால் 100 மில்லிக்கு 15. 5 லிட்டர் டின் 720 என்றால் 14.40.

பக்கத்திலேயே 770 விலையில் 5 கிலோ டின் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். பார்த்தவுடன் இதுதான் விலை கூடியதாகத் தோன்றும். ஆனால் எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம்தான் இருக்கும். ஆகவே 5,000 கிராமை 0.91-ஆல் வகுத்தால் சுமார் 5,500 மில்லி வருகிறது. 770-ஐ அதால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 14. மூன்றிலும் மலிவு இதுதான்! கிலோவையும் லிட்டரையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். அலமாரியில் ஒட்டியிருக்கும் அலகு விலையிலும் ஒன்று கிலோவுக்கும் மற்றொன்று 100 மில்லிக்கும் இருக்கக்கூடும், கவனித்துப் படியுங்கள்.

இத்துடன் நிறுத்திவிடக் கூடாது. வாங்கிய அளவு வேறு, பயன்படுத்தும் அளவு வேறு. 770-ஐ ஒரு லிட்டர் புட்டியின் விலையான 150-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 5.13 லிட்டர். பெரிய டின்னில் குறைந்தது இவ்வளவையாவது பயன்படுத்தினால்தான் போட்ட பணம் ஈடாகும். அதாவது 370 மில்லி வீணானாலே மிச்சம் முழுவதும் போய்விடும். டின்னின் 5.5 லிட்டரில் அது மிகச் சிறிய பங்கு என்பதை முதன்முறை கணக்கிட்டபோது எனக்கே நம்ப முடியவில்லை.

வீணாகுமா என்பதை உங்கள் மாதச் செலவுதான் சொல்லும். மாதம் 600 மில்லி செலவாகும் வீட்டில் இந்த டின் ஒன்பது மாதம் கிடக்கும். திறந்த எண்ணெய் காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டுச் சிக்குப் பிடிக்கும். பழைய பெயிண்ட் போன்ற வாடையும் கசப்பும் வந்தால் கெட்டுவிட்டது என்று பொருள். அந்த வீட்டுக்கு ஒரு லிட்டர் புட்டியே போதும். மாதம் இரண்டு லிட்டர் ஆகும் வீடு தயங்காமல் டின்னை வாங்கலாம்.

மாதச் செலவு தெரியவில்லை என்றால், இப்போது இருக்கும் புட்டியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். அது தீரும் நாளில் உங்கள் கணக்கு கிடைத்துவிடும்.