சிவப்பு மையில் ‘பென்சிலின் அலர்ஜி’: பிள்ளைகள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஆறு வயதுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்தார்கள். காதிலிருந்து சீழ் வடிகிறது, இரண்டு இரவாகத் தூக்கமில்லை. அவனுக்குப் பென்சிலின் வகையைச் சேர்ந்த அமொக்சிசிலின் பாணிதான் கொடுக்க வேண்டிய மருந்து. துண்டில் எழுதப் போன நேரம் தாய் கிளினிக் கொப்பியைத் திருப்பிக் காட்டினார். அட்டையின் உட்பக்கத்தில் சிவப்பு மையில் ‘பென்சிலின் அலர்ஜி’ என்று எழுதியிருந்தது. எப்போது, என்ன நடந்தது, மருந்து குடித்து எவ்வளவு நேரத்தில் என்று ஒரு சொல்லும் இல்லை.

முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது. அந்த இரண்டு சொற்களை எழுத ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. ஆனால் பிள்ளை வளர்ந்து பெரியவனாகும் வரை, பார்க்கும் ஒவ்வொரு டொக்டரும் அதற்குப் பயந்து வேறு மருந்து எழுதுவார். அந்த மாற்று மருந்துகள் பல நேரங்களில் பலம் குறைந்தவை, அல்லது தேவைக்கு மேல் பல கிருமிகளைத் தாக்குபவை. நானும் ஆரம்ப காலத்தில் இப்படிக் கொப்பியைப் பார்த்தவுடன், ஒரு கேள்வியும் கேட்காமல் மருந்தை மாற்றி எழுதியிருக்கிறேன்.

“என்ன நடந்தது அம்மா? முதலிலிருந்து சொல்லுங்க” என்றேன்.

“ஒரு வயசுல, மாரி மழைக்குள்ள காய்ச்சல் வந்தது டொக்டர். பாணி குடுத்தம். உடம்பெல்லாம் சிவப்பாப் போட்டுட்டு.”

நாள் நாளாகக் கேட்டேன். முதல் நாள் நல்ல காய்ச்சல். இரண்டாம் நாள் ஒரு டிஸ்பென்சரியில் காட்டி அமொக்சிசிலின் தொடங்கினார்கள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. மறுநாள் காலை நெஞ்சிலும் முதுகிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள். பிள்ளை சொறியவில்லை, விளையாடிக்கொண்டிருந்தான். உதடு, கண் வீங்கவில்லை, மூச்சு இழுக்கவில்லை. இரண்டு நாளில் புள்ளிகள் மறைந்துவிட்டன.

இது அநேகமாக ரோசியோலா என்ற வைரஸ் காய்ச்சல். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு அதிகம் வரும். மூன்று, நான்கு நாள் காய்ச்சல் அடிக்கும், அது விட்ட பிறகுதான் தோலில் சிவப்புத் தோன்றும். அதற்குள் யாராவது ஒரு அன்டிபயோட்டிக் தொடங்கியிருப்பார்கள். பழி மருந்தின் மேல் விழும். டெங்கிலும் இதே கதைதான்: காய்ச்சல் இறங்கும் நாட்களில் உடம்பு சிவந்து, நடுவில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். மட்டக்களப்பில் மாரி மழைக்காலத்தில் இந்தக் குழப்பத்துக்குக் குறைவே இல்லை.

உடனடி வகை அலர்ஜியின் சாயல் வேறு. மருந்து குடித்து ஒரு மணித்தியாலத்துக்குள், சில வேளை சில நிமிடங்களிலேயே, கடுமையாக அரிக்கும் தடிப்புகள் எழும்பும். ஒரு இடத்தில் மறைந்து இன்னொரு இடத்தில் வரும். உதடு வீங்கலாம், மூச்சு இழுக்கலாம், திரும்பத் திரும்ப வாந்தி வரலாம், பிள்ளை சோர்ந்து விழலாம். ஐந்தாம் நாள் வந்த அரிப்பில்லாத சிவப்பு அந்த வகையில் சேராது. வெறும் வயிற்றோட்டமும் அலர்ஜி அல்ல, அது மருந்தின் பக்கவிளைவு. “அப்பாவுக்கும் ஒத்துவராது” என்பதற்காகப் பிள்ளைக்கும் எழுதி வைப்பதும் பிழை.

சரி, இப்படி எழுதப்பட்டவற்றில் எத்தனை தவறு? கனடாவின் மொன்றியலில் அமொக்சிசிலினுக்குத் தோலில் எதிர்விளைவு வந்ததாகச் சொல்லப்பட்ட 818 பிள்ளைகளுக்கு, வைத்தியர் கண்காணிப்பில் அதே மருந்தைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2016இல் வெளிவந்தது. 770 பேருக்கு, அதாவது நூற்றில் 94 பேருக்கு, ஒன்றும் ஆகவில்லை. 17 பேருக்கு உடனடியாகவும் 31 பேருக்குப் பிந்தியும் எதிர்விளைவு வந்தது. உடனடியாக வந்தவை எல்லாம் இலேசானவை. உண்மையான அலர்ஜியும் காலத்தோடு தேயும். உடனடி வகை இருந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு ஐந்து வருடத்திலும், பத்தில் எட்டுப் பேருக்குப் பத்து வருடத்திலும் அது இல்லாமல் போய்விடுகிறது.

இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு வீட்டிலேயே கொஞ்சம் கொடுத்துப் பார்ப்பதுதான் மிகப் பெரிய தவறு. தயவுசெய்து செய்யாதீர்கள். மிச்சம் ஆறு பேரில் உங்கள் பிள்ளை இல்லை என்று வீட்டில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. யாருக்கு இந்தச் சோதனை கூடாது என்பதையும் டொக்டர்தான் பிரிக்க வேண்டும். தோல் கொப்புளித்து உரிந்தது, வாய், கண் புண்ணானது, ஈரல் அல்லது சிறுநீரகம் பாதிக்கப்பட்டது என்றால் திரும்பக் கொடுக்கவே கூடாது. முன்பு மூச்சுத்திணறியோ மயங்கியோ விழுந்த பிள்ளையை முதலில் அலர்ஜி நிபுணர் பார்க்க வேண்டும். மூட்டுகள் வீங்கிக் காய்ச்சலும் வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இந்தப் பையனுக்கு அன்றைக்கு வேறு மருந்து கொடுத்துக் காதைச் சுகப்படுத்தினோம். நோயோடு இருக்கும்போது கொடுத்துப் பார்த்தால், வரும் சிவப்பு நோயாலா மருந்தாலா என்ற பழைய குழப்பமே மிஞ்சும். ஆறு கிழமை கழித்து, காய்ச்சல், இருமல் ஒன்றும் இல்லாத ஒரு காலையில் வரச் சொன்னோம். சளிக்கோ அரிப்புக்கோ கொடுக்கும் செட்டிரிசின், குளோர்பெனிரமின் போன்றவற்றை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொன்னோம். அவை உடம்பில் இருந்தால் தடிப்பை மறைத்துவிடும்.

அவன் நிறை 20 கிலோ. அவனுக்கு ஒரு வேளை அளவாக 500 மில்லிகிராம் எடுத்தோம். 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் உள்ள பாணியில் அது 10 மில்லிலீற்றர். கட்டிலுக்குப் பக்கத்தில் அட்ரினலின், ஒட்சிசன், அவன் நிறைக்குக் கணக்கிட்டு எழுதிய ஊசி அளவு எல்லாம் தயார். தோலை முழுவதும் பார்த்து, நாடி, பிரஷர், மூச்சு எடுத்துக் குறித்துக்கொண்டோம். முதலில் பத்தில் ஒரு பங்கு, 1 மில்லிலீற்றர். 20 நிமிடம் பொறுத்துத் திரும்பப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. பிறகு மிச்சம் 9 மில்லிலீற்றர். அதற்குப் பின் குறைந்தது ஒரு மணித்தியாலம் பார்க்க வேண்டும், நாங்கள் இரண்டு மணித்தியாலம் வைத்திருந்தோம். வாயைச் சுற்றி இலேசாகச் சிவந்தது. தாய் பயந்துவிட்டார். பாணி பட்ட இடம் மட்டும்தான், துடைத்ததும் போய்விட்டது. உடம்பில் தடிப்பு எழும்பியிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்போம்.

கையில் சின்ன ஊசி போட்டுப் பார்க்கும் ‘டெஸ்ட் டோஸ்’ போதாதா என்று பலர் கேட்கிறார்கள். பென்சிலின் ஊசிக்கு முன் வார்டில் செய்யும் அந்தப் பரிசோதனை வேறு. மருந்து தோலை உறுத்தியே சிவக்க வைக்கலாம், அப்போது இன்னொரு பொய்யான பெயர் ஒட்டிக்கொள்ளும். இவனைப் போன்ற இலேசான கதை உள்ள பிள்ளைகளுக்கு ஊசி இல்லாமல் வாயால் கொடுத்துப் பார்ப்பதே தெளிவான விடை தரும்.

சோதனை முடிந்து வீட்டுக்குப் போனாலும் ஒரு கிழமை கவனிக்க வேண்டும். பிந்தி வரும் சிவப்பு அந்த நாட்களில்தான் வரும். வந்தால் உடனே போன் எடுத்துப் படம் பிடியுங்கள், எத்தனையாம் நாள் என்று எழுதி வையுங்கள், கொண்டுவந்து காட்டுங்கள். மூச்சோ முகமோ மாறினால் படத்துக்கு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

இவனுக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் பலர் கடைசியில் விடும் தவறு இதற்குப் பிறகுதான்: சோதனையில் தேறிய பிள்ளையின் கொப்பியில் பழைய வரி அப்படியே கிடக்கும். அடுத்த முறை வேறு டொக்டர் பார்க்கும்போது அதே சிவப்பு மை அவனைத் தடுக்கும். எட்டாம் நாள் தாய் கொப்பியோடு வந்தார். நான் அந்த வரியைக் குறுக்கே வெட்டினேன். கீழே திகதி போட்டு, ‘அமொக்சிசிலின் 500 மி.கி. கண்காணிப்பில் கொடுக்கப்பட்டது, ஒரு கிழமை வரை எதிர்விளைவு இல்லை, பென்சிலின் வகை மருந்துகள் கொடுக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து, வழமையாகக் காட்டும் டிஸ்பென்சரிக்கும், காய்ச்சல் நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மாவுக்கும் அனுப்பினார்.