ஃபீட்ஃபோர்வட் போட்டும் சூடு குறைகிறதா?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு அரிசி ஆலை. பெரும்போக நெல் வந்து குவிகிற நாட்களில் ஊறப்போடும் தொட்டிகளுக்கு 70 பாகை சுடுதண்ணீர் ஓயாமல் வேண்டும். கிணற்றிலிருந்து 30 பாகையில் வருகிற தண்ணீரை நீராவி சூடாக்கும், அந்த நீராவி வால்வை, தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஒரு பி.ஐ. கன்ட்ரோலர் இயக்கும். இரண்டாவது தொட்டியையும் திறந்தால் ஓட்டம் மணிக்கு 4 தொன்னிலிருந்து 6 தொன்னாகிவிடும், சூடு விழும். ஓட்டத்தைத்தான் மீற்றர் அளக்கிறதே, சூடு விழும்வரை ஏன் காத்திருப்பான் என்று, ஓட்டம் கூடியவுடனேயே வால்வைத் திறக்கும்படி ஃபீட்ஃபோர்வட் சேர்த்தேன். அப்படியும் விழுந்தது.

பிழை என்னுடையதுதான். பி.ஐ.யைத் தானாக இயங்கும் ஆட்டோவில் வைத்துக்கொண்டே, ஓட்டம் ஒரு தொன் கூடினால் ஃபீட்ஃபோர்வட் வால்வை எவ்வளவு திறப்பது என்ற பெருக்கத்தைத் தேடினேன். ஒரு தொன்னுக்கு 5 சதவீதம் என்று போட்டேன், கொஞ்ச நேரத்தில் 70க்கு வந்துவிட்டது, சரி என்று விட்டுவிட்டேன். உண்மையில் மீதியைப் பி.ஐ. மெல்ல மெல்ல நிரப்பிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் எந்தப் பெருக்கத்தைப் போட்டாலும் கடைசியில் 70 வரும், அதனால் அந்தச் சோதனை எதையும் சொல்லாது.

செய்திருக்க வேண்டியது இது: பி.ஐ.யை, வால்வைக் கையால் நகர்த்தும் மனுவலில் வைத்து, வால்வு 40 சதவீதத்தில் இருக்க, ஓட்டத்தை 4 இலிருந்து 4.4 தொன்னாக்க வேண்டும். சூடு 66 பாகையளவுக்கு இறங்கி நிற்கும். திரும்ப 70 வரும்வரை வால்வைத் திறந்தால் 44 சதவீதத்தில் வரும். 0.4 தொன்னுக்கு 4 சதவீதம், அப்படியென்றால் ஒரு தொன்னுக்கு 10. நான் போட்டது அதில் பாதி!

ஓடுகிற ஆலையில் மனுவலுக்குப் போக விடமாட்டார்கள் என்றால், பி.ஐ. தரும் பங்கை மட்டும் தனியே வரைந்து பாருங்கள். ஓட்டம் மாறி எல்லாம் அடங்கிய பிறகு அது பழைய இடத்துக்கே வந்தால் பெருக்கம் சரி. எங்களுடையது 2 தொன் கூடினபோது 10 சதவீதம் ஏறி அங்கேயே நின்றது, அதாவது தொன்னுக்கு 5 குறைவு.

பெருக்கம் சரியாகியும் தொடக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்து மறைந்தால் அது நேரப் பிழை. ஓட்டத்தின் தாக்கம் 15 செக்கனில் தெரிகிறது, நீராவியின் தாக்கத்துக்கு 40 செக்கன் பிடிக்கிறது என்று வைப்போம். ஃபீட்ஃபோர்வட்டை முந்தவைக்கும் லீட்டை 40, பிந்தவைக்கும் லாக்கை 15 என்று போட்டால் கணக்குச் சரிதான், ஆனால் முதல் உதை 40/15 மடங்கு: 20 சதவீதம் கேட்ட இடத்தில் 53. வால்வு 40 இலிருந்து 93க்குப் பாயும், மீற்றரின் சின்ன நடுக்கம்கூட அதே அளவு பெருகி வால்வை உதறவைக்கும். நான் லீட்டை 25க்குக் குறைத்து, மிஞ்சிய பள்ளத்தைப் பி.ஐ.யிடம் விட்டேன்.

ஓட்டம் இன்னும் கூடினால் பி.ஐ., ஃபீட்ஃபோர்வட் இரண்டின் கூட்டுத்தொகை 100ஐத் தொட்டுவிடும். பி.ஐ. தன் பங்கை மட்டும் பார்த்து 'எனக்கு இன்னும் இடமிருக்கிறது' என்று, பிழையைச் சேர்த்துக்கொண்டே வரும் இன்டெக்ரலை ஏற்றிக்கொண்டே போகும், பிறகு தொட்டியை மூடும்போது தண்ணீர் கொதிநிலைப் பக்கம் போய்விடும். இப்படி ஏறிப்போகும் வைன்டப்பைத் தடுக்க எல்லையாகக் கொடுக்க வேண்டியது வால்வுக்குப் போகிற அந்தக் கூட்டுத்தொகையைத்தான்.