மாதம் 500 ரூபாய் எஸ்ஐபி: தேதியைச் சரியாக வைப்பது எப்படி?

ஜவுளிக்கடை வேலையில் எனக்கு மாதம் 14,000 ரூபாய் வருகிறது. அதில் 500 ரூபாயை எஸ்ஐபியில், அதாவது மாதாமாதம் ஒரே தேதியில் கணக்கிலிருந்து தானாக மியூச்சுவல் ஃபண்டுக்குப் போகும் தவணையில், போட்டு வருகிறேன். மூணு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறீர்கள் என்றால் இதைத் தொடங்காதீர்கள், முதலில் கடனை அடையுங்கள். அது வருடத்துக்கு 36% வட்டி, எந்த ஃபண்டையும் நம்பி அந்தக் கடனை வைத்துக்கொண்டிருக்க முடியாது.

முதலில் கேஒய்சி. பானிலும் ஆதாரிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஒன்றில் இனிஷியல் இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், அங்கேயே பலருக்கு நின்றுவிடுகிறது.

அடுத்து ஃபண்ட். நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட், அதாவது நிஃப்டி பட்டியலில் உள்ள 50 பெரிய நிறுவனங்களின் பங்குகளை அப்படியே வாங்கும் ஃபண்ட், ஒன்று போதும் என்பது என் கருத்து. ஃபண்ட் நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே Direct, Growth இரண்டையும் தேர்ந்தெடுங்கள். Growth என்றால் லாபம் வெளியே வராமல் ஃபண்டிலேயே சேரும். Direct-க்குப் பதில் Regular என்றால் முகவர் கமிஷனும் உங்கள் பணத்திலிருந்துதான் போகும். 2020 ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை, இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்தில், நிஃப்டி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. அதனால் அடுத்த ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை இதில் போடாதீர்கள், பள்ளிக் கட்டணத்துக்கெல்லாம் வங்கி ஆர்டிதான் சரி.

அப்புறம் மேண்டேட், அதாவது உங்கள் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் எடுத்துக்கொள்ள வங்கிக்கு நீங்கள் தரும் அனுமதி. அதில் 5,000 என்று உச்சவரம்பு காட்டினால் பயப்பட வேண்டாம், பிடிப்பது 500 தான்.

நான் இடறியது தேதியில். சம்பளம் 7ஆம் தேதி வாக்கில் வரும், நானோ படிவத்தில் முதலில் தெரிந்த 5ஆம் தேதியை அப்படியே விட்டுவிட்டேன். கணக்கில் 320 ரூபாய்தான் இருந்தது, தவணை திரும்பிவிட்டது. ஃபண்ட் நிறுவனம் அபராதம் எதுவும் போடவில்லை, வங்கிதான் 250 ரூபாயும் அதற்கு 18% ஜிஎஸ்டியும் சேர்த்து 295 ரூபாய் பிடித்தது. காரணம் புரியாமல் அடுத்த மாதமும் அப்படியே விட, மொத்தம் 590 ரூபாய் போனது, ஒரு மாதத் தவணையைவிட அதிகம்! மாத எஸ்ஐபி தொடர்ந்து மூன்று முறை திரும்பினால் ரத்தாகிவிடும் என்பதால் பழையதை நிறுத்திவிட்டு 12ஆம் தேதிக்குப் புதிதாகப் போட்டேன். உங்கள் சம்பளம் வழக்கமாக எவ்வளவு தாமதமாகுமோ அதற்கும் மூன்று நாள் தள்ளித் தேதி வையுங்கள். அந்த மாதம் பணம் இருக்காது என்று தெரிந்தால் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லிவிடுங்கள், முந்தைய நாள் சொன்னால் பெரும்பாலும் பிடித்தம் போய்விடும்.

பிற்சேர்க்கை: கட்டட வேலைக்குப் போகும் அண்ணன் ஒருவர், தினக்கூலிக்கு எந்தத் தேதி வைப்பது என்று கேட்டிருந்தார். அண்ணே, உங்களுக்கு எஸ்ஐபியே வேண்டாம். அதே ஃபண்டில் கணக்கைத் திறந்துவிட்டு, கையில் பணம் மிஞ்சுகிற வாரம் யுபிஐ வழியாக நீங்களே போடுங்கள். மேண்டேட் இல்லாததால் திரும்புவதற்கும் ஒன்றுமில்லை. குறைந்தபட்சத் தொகை ஃபண்டுக்கு ஃபண்டு மாறும், அதை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.